மகளுக்கென்று பத்துப் பவுண்: நகையாகவா, நாணயமாகவா, தங்க நிதியமாகவா?

வாசகியின் கடிதம்:

"கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறார். மகளுக்கு 14 வயது. அவளுடைய கலியாணத்துக்கென்று கனடாவில் இருக்கும் அண்ணா பத்துப் பவுண் வாங்கக்கூடிய காசு, 24 இலட்சம் ரூபா, தருகிறார். அதற்கு முன்பே நான் என் சேமிப்பில் இரண்டு பவுணில் ஒரு சங்கிலி வாங்கினேன். பவுண் 240,000 ரூபா, செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 12 வீதம், மொத்தம் 537,600 ரூபா. திருப்பிக் கொடுத்தால் அன்றைய விலையில் 4 வீதம் கழிப்பார்களாம். பவுண் விலை ஏறும்போது செய்கூலியும் சேர்ந்து ஏறிவிடும்தானே? வங்கியில் பெட்டகம் எடுத்தால் வருடம் 6,000 ரூபா. அண்ணா, 'நகை வேண்டாம், நான் இங்கே தங்க ஈ.ரி.எப். வாங்கி வைக்கிறேன், வருடத்துக்கு 0.40 வீதம்தான் செலவு' என்கிறார். அந்த 0.40 ஐ யார் கட்டுவது? பத்து வருடம் கட்டினால் நகையைவிடச் செலவு கூடிவிடாதா? அம்மாவோ, கையில் இல்லாத பவுண் பவுண் இல்லை என்கிறார். என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் விலை, செய்கூலி, கழிவு எல்லாவற்றையும் எண்ணோடு எழுதியிருப்பதால் நேரடியாகக் கணக்குக்கே போகலாம். இங்கே ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் ஈ.ரி.எப். என்றே சொல்வதால், குழப்பம் வராமலிருக்க அண்ணா சொல்வதை, அதாவது பொன்னை வாங்கிப் பெட்டகத்தில் வைத்து அதன் பங்குகளைச் சந்தையில் விற்கும் நிதியத்தை, தங்க நிதியம் என்றே எழுதுகிறேன்.

முதலில் செய்கூலி. நீங்கள் ஏற்கெனவே கொடுத்த செய்கூலி பவுண் விலையோடு ஏறாது. நீங்கள் கொடுத்த 537,600 ரூபாவில் 480,000 தான் பொன்னாக உங்கள் கையில் இருக்கிறது. மிச்சம் 57,600 ரூபா தட்டாரின் உழைப்புக்கும் கடைக்கும் போய்விட்டது. நாளைக்கே அந்தச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தால் 4 வீதம் கழித்து 460,800 ரூபா தருவார்கள். கொடுத்த காசு முழுதாகத் திரும்பி வர வேண்டுமென்றால் பவுண் 240,000 இலிருந்து 280,000 ரூபாவுக்கு ஏற வேண்டும். அதாவது விலை ஏறத்தாழ 17 வீதம் ஏறும்வரை உங்களுக்கு இலாபம் தொடங்கவே இல்லை. வங்கியில் அடைவு வைத்தாலும் இதே கதைதான். அவர்கள் நிறையையும் கரட்டையும் மட்டும் பார்ப்பார்கள், கல் இருந்தால் அதன் நிறையைக் கழிப்பார்கள். செய்கூலிக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள்.

இதை எழுதுவது சங்கிலி வாங்கியது பிழை என்று சொல்வதற்கு அல்ல. அணிவதற்கு வாங்கிய நகைக்குச் செய்கூலி நியாயமான செலவு. சேமிப்பு என்று நினைத்து நகை வாங்கும்போதுதான் அது நட்டமாகிறது.

0.40 வீதத்தை யார் கட்டுகிறார்கள்?

யாரும் கையால் கட்டுவதில்லை. அண்ணாவுக்குப் பில் வராது. நிதியம் தன்னிடம் இருக்கும் பொன்னில் சிறிது சிறிதாக விற்று, பெட்டக வாடகை, காப்பு, நிர்வாகம் எல்லாவற்றையும் கொடுத்துக்கொள்கிறது. அண்ணா 0.40 என்று சொல்வதைப் பார்த்தால் அவர் மனதில் இருப்பது அமெரிக்கச் சந்தையில் GLD என்ற பெயரில் விற்கப்படும் நிதியமாக இருக்க வேண்டும். அது 2004 நவம்பரில் தொடங்கியபோது ஒரு பங்குக்குப் பின்னால் 0.1 அவுன்ஸ் பொன் இருந்தது. இருபது வருடம் கழித்து அதே பங்குக்குப் பின்னால் சுமார் 0.092 அவுன்ஸ்தான் இருக்கிறது. குறைந்த அந்தத் துளிதான் இருபது வருடச் செலவு, ஏறத்தாழ 8 வீதம். பத்து வருடத்துக்கு என்றால் 4 வீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இதை உங்கள் சங்கிலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கி மறுநாளே விற்றால் கொடுத்த காசில் 14 வீதம் போகிறது. அதே அளவை 0.40 வீதம் தின்று முடிக்க 38 வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஆண்டுச் செலவு கூடிக் கூடி நகையைத் தாண்டிவிடும் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் அண்ணாவும் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அவரிடம் இருப்பது கனடிய டொலர். GLD விற்பது அமெரிக்க டொலரில். கனடாவில் பல வங்கிகளின் பங்குக் கணக்குகளில் இந்த மாற்றத்துக்கு ஒன்றரை வீதம் அளவில் எடுத்துவிடுவார்கள். வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது இன்னொரு தடவை. இரண்டும் சேர்ந்து 3 வீதம் என்றால், அது ஏழு வருட ஆண்டுச் செலவுக்குச் சமம். இது செலவு வீதம் என்ற தலைப்பில் எங்கும் தெரியாது, மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். ரொறன்ரோச் சந்தையிலேயே கனடிய டொலரில் வாங்கக்கூடிய தங்க நிதியங்கள் இருக்கின்றன. அவற்றின் ஆண்டுச் செலவு 0.40 ஐவிடக் கொஞ்சம் கூடவாக இருந்தாலும், பத்து வருடம் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இலாபம் அதுவே. அவரிடம் ஏற்கெனவே அமெரிக்க டொலர் இருந்தால் கதை வேறு.

பெட்டகச் செலவின் கணக்கு

பெட்டக வாடகை 6,000 ரூபா என்பது, கிராம் 30,000 ரூபா விற்கும்போது, 0.2 கிராம் பொன். இப்படிக் கிராமாக மாற்றிப் பார்த்தால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம். உங்கள் இரண்டு பவுண் சங்கிலியை, அதாவது 16 கிராமை, மட்டும் பெட்டகத்தில் வைத்தால் வருடத்துக்கு 1.25 வீதம் செலவு. தங்க நிதியத்தின் செலவைவிட அது மூன்று மடங்கு. அதே பெட்டகத்தில் பத்துப் பவுண் இருந்தால் 0.25 வீதம், நிதியத்தைவிட மலிவு. பெட்டக வாடகை பொன்னின் நிறையைப் பார்ப்பதில்லை, நிதியத்தின் செலவோ நிறைக்கு நிறை ஏறும். ஆகவே கொஞ்சப் பொன்னுக்கு நிதியம் மலிவு, ஓரளவுக்கு மேல் பெட்டகம் மலிவு. உங்கள் எண்களில் இரண்டும் சமமாகும் இடம் 50 கிராம், ஆறு பவுணுக்குச் சற்று மேலே.

வீட்டில் வைத்தால் வாடகை இல்லையே என்று கேட்பீர்கள். வாடகை இல்லை, ஆனால் திருட்டின் பயம் முழுவதும் உங்கள் தலையில். பெட்டகமும் வங்கி உங்கள் நகைக்குக் காப்புறுதி செய்துவிட்டது என்று அர்த்தமாகாது. ஒப்பந்தத்தில் வங்கியின் பொறுப்பு எவ்வளவு என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பத்து வருடம் கழித்து எவ்வளவு மிஞ்சும்?

இப்போது அண்ணாவின் 24 இலட்சத்தை எடுப்போம். நீங்கள் எழுதிய விலையில் அது 80 கிராம் 22 கரட் பொன். விலை ஏறினாலும் இறங்கினாலும் மூன்று வழிகளுக்கும் பொது என்பதால் ரூபாவை விட்டுவிட்டுக் கிராமை மட்டும் பார்ப்போம். பெட்டக வாடகையும் பொன் விலையோடு சேர்ந்து ஏறும் என்று வைத்துக்கொள்கிறேன், பத்து வருடத்துக்கு 2 கிராம்.

நகையாக வாங்கினால் 12 வீதம் போக 71.4 கிராம் கிடைக்கும். பத்து வருடத்தில் விற்றால் 4 வீதக் கழிவும் பெட்டகமும் போய் 66.6 கிராமின் காசு கைக்கு வரும். நாணயமாகவோ பிஸ்கட்டாகவோ வாங்கினால் கடை 3 வீதம் கூட்டி விற்று, 2 வீதம் கழித்து எடுக்கும் என்று வைப்போம். இது கடைக்குக் கடை மாறும், நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியானால் முடிவில் 74.1 கிராம். அண்ணா GLD வாங்கி, இரண்டு தடவை டொலர் மாற்றி, பத்து வருடம் 0.40 கொடுத்தால் 74.6 கிராம்.

நாணயத்துக்கும் நிதியத்துக்கும் அரைக் கிராம்தான் வித்தியாசம். நீங்களும் அண்ணாவும் அம்மாவும் பொன்னா நிதியமா என்று வாதாடுகிறீர்கள், ஆனால் எட்டுக் கிராம், ஒரு முழுப் பவுண், தொலைவது நகைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில். செய்கூலி இல்லாத பொன் உங்கள் பெட்டகத்தில் இருந்தாலும் நிதியத்தின் இலண்டன் பெட்டகத்தில் இருந்தாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் இந்தப் பொன் விற்பதற்கல்லவே, மகளின் கழுத்துக்கும் கைக்கும் அல்லவா? அதையும் பார்க்க வேண்டும். பத்து வருடம் கழித்து நிதியத்தின் 74.6 கிராமை விற்று நகை வாங்கும்போது அதே 12 வீதம் அன்றைக்கு வரும். நகையாக 66.6 கிராம்தான் கிடைக்கும். நாணயத்தைத் தட்டாரிடம் கொடுத்துச் செய்வித்து, அதே 12 வீதம் கொடுத்தால் 67.6. இன்றைக்கே வாங்கி, விற்காமல் அப்படியே அவளுக்குப் போட்டுவிட்டால் 69.4. அண்ணா சொல்வதுபோல் நிதியம் செய்கூலியை மிச்சப்படுத்தவில்லை, தள்ளித்தான் போடுகிறது.

அப்படியென்றால் இன்றைக்கே நகை வாங்குவது நல்லதா? 14 வயதுப் பிள்ளைக்கு நாம் பிடித்து வாங்கும் நெக்லஸை 24 வயதில் அவள் விரும்பிப் போடுவாளா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பழைய மாதிரி என்று கொடுத்து மாற்றினால் 4 வீதம் கழிவு, அதன் மேல் மறுபடியும் 12 வீதம். பெட்டகமும் போகக் கையில் 59 கிராம் சொச்சம்தான் நிற்கும். எண்பதில் இருபது கிராம், இரண்டரைப் பவுண், காணாமல் போகிறது. வங்கியில் அடைவுப் பிரிவில் வேலை செய்த காலத்தில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். தாய் பூப்பெய்தியபோது ஒரு தடவை, கலியாணத்துக்கு ஒரு தடவை, பிறகு மகளுக்காக ஒரு தடவை என்று ஒரே பொன்னுக்கு மூன்று தரம் செய்கூலி கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் காப்பு மெலிந்துகொண்டே வரும்.

அம்மா சொல்வதன் நியாயம்

அம்மாவின் பேச்சைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 2009 இல் ஒரு பவுணைக் கொடுத்து அரிசி வாங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதே ஆண்டில் பொன்னைப் புதைத்துவிட்டு ஓடி, திரும்பி வந்து தேடியும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நடந்தது. ஆகவே எல்லாமே கையில் இருப்பதும் ஆபத்து, எதுவுமே கையில் இல்லாததும் ஆபத்து.

அன்றாடத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. காலபோகத்துக்கு உழவு, விதைநெல், பசளை என்று கையில் காசு தேவைப்படும்போது பவுணை அடைவு வைத்துவிட்டு, அறுவடை முடிய மீட்பதுதான் இங்கே வழக்கம். காலையில் கொண்டுபோனால் மத்தியானம் காசோடு வரலாம். தங்க நிதியத்தின் பங்கைக் கிளிநொச்சியில் எந்த வங்கியும் அடைவு எடுக்காது. அண்ணா விற்று அனுப்ப வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும், அன்றைக்கு விலை இறங்கியிருந்தாலும் விற்றுத்தான் ஆக வேண்டும்.

அதே நேரம் அடைவின் செலவையும் தெரிந்து வையுங்கள். பொன் பெறுமதியில் அறுபது வீதம் கடன் எடுத்து, வருட வட்டி 12 வீதம் என்று வைத்தால், ஆறு மாதத்தில் பொன்னின் பெறுமதியில் 3.6 வீதம் வட்டியாகப் போகிறது. தங்க நிதியத்தின் ஒன்பது வருடச் செலவு ஒரே போகத்தில் முடிந்துவிடும். மகளின் பொன்னை வயலுக்கு எடுப்பதில்லை என்று நீங்களும் கணவரும் முதலிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் சங்கிலி போதும்.

அண்ணா வாங்கினால் அது யாருடையது?

சட்டப்படி அண்ணாவுடையது. கணக்கு அவர் பெயரில், பங்கும் அவர் பெயரில். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அது அவருடைய சொத்தோடு சேர்ந்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அண்ணியும் பிள்ளைகளும் நல்லவர்களாக இருந்தாலும், அது உங்கள் மகளுக்கென்று வாங்கியது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே இது இத்தனை பங்கு, இன்னாருக்காக வாங்கியது என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டு, அண்ணிக்கும் உங்களுக்கும் ஒவ்வொரு பிரதி தரட்டும். உயிலிலும் அதை ஒரு வரியாகச் சேர்த்தால் இன்னும் பலம். நீங்களே இங்கிருந்து வெளிநாட்டு நிதியம் வாங்கலாமா என்று யோசிக்க வேண்டாம். இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் முதலிடுவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தத் தொகைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

வரியும் அவருடையது. கனடாவில் விற்ற இலாபத்தில் பாதி அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்பட்டு வரி வரும். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், அவர்கள் TFSA என்று சொல்வதில், இடம் இருந்து அதற்குள் வாங்கினால் அந்த வரி இல்லை. மேலே நான் போட்ட 74.6 கிராம் வரி இல்லாத கணக்கு. வரி வந்தால் நாணயம் முந்திவிடும். அண்ணாவிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இன்னொன்று: நிதியத்தின் பொன்னைக் கட்டியாகக் கேட்டு வாங்க முடியாது. GLD இன் பொன் ஒவ்வொன்றும் சுமார் 400 அவுன்ஸ், 12 கிலோவுக்கு மேல் எடையுள்ள கட்டிகளாக இருக்கிறது. ஒரு இலட்சம் பங்காக எடுக்கும் பெரிய நிறுவனங்களுக்குத்தான் அது பொன்னாகக் கிடைக்கும். அண்ணா வாங்கப்போவது, பத்துப் பவுணுக்கும் சேர்த்துச் சுமார் 25 பங்கு. அவருக்கு எப்போதும் காசுதான் வரும்.

நான் சொல்வது

பத்தில் ஆறு பவுணை இங்கே நாணயமாக வாங்குங்கள், நான்கு பவுணை அண்ணா அங்கே நிதியத்தில் வைக்கட்டும். ஆறு பவுணும் உங்கள் சங்கிலியும் சேர்ந்தால் 64 கிராம். ஒரே பெட்டகத்தில் வைத்தால் வருடச் செலவு 0.31 வீதம், நிதியத்தைவிடக் குறைவு. நான்கு பவுண் வேறு நாட்டில் இருப்பதால் இங்கே என்ன நடந்தாலும் அது தப்பும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விலையைப் பார்த்து அங்கும் இங்கும் மாற்ற வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கழிவு இருக்கிறது.

நகை செய்வதைக் கலியாணப் பேச்சு தொடங்கிய பிறகு, மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். செய்கூலி ஒரே ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும். நிதியத்தின் காசு நகைக்கல்லாமல் கலியாணச் செலவுக்கென்றால், கலியாணத்துக்கு ஒரு வருடம் முன்பிருந்து இரண்டு மூன்று தவணையாக விற்கச் சொல்லுங்கள். கலியாண மாதத்தில் விலை இறங்கி நின்றால் நாள் தள்ளிப்போட முடியாது.

நாணயம் வாங்கப் போகும்போது கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை நாளைக்கே கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள்?" அவர் சொல்லும் தொகைக்கும் நீங்கள் கொடுக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் 5 வீதத்தைத் தாண்டினால் அடுத்த கடைக்குப் போங்கள். வவுனியாவரை போய்வரும் பஸ் காசு ஆறு பவுணில் ஒரு வீதத்துக்குப் பக்கத்திலும் வராது. பற்றுச்சீட்டில் நிறை, கரட், பொன்னின் விலை, கூலி நான்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை எழுதிய சீட்டை வாங்காதீர்கள். சங்கிலிக்குத் தந்த சீட்டையும் எடுத்துப் பாருங்கள். அதில் 12 வீதம் தனியாக இல்லையென்றால், கடைக்காரர் உங்களை மறக்குமுன் போய் எழுதி வாங்குங்கள்.